மெம்பர் செக்கிங்கும் டிரையாங்குலேஷனும்: எங்கே தவறுகிறோம்?

பண்புசார் ஆய்வேடுகளின் முறையியல் அத்தியாயத்தைப் புரட்டினால் ஒரு வரி தவறாமல் கண்ணில் படும்: “நம்பகத்தன்மையை உறுதிசெய்ய மெம்பர் செக்கிங், டிரையாங்குலேஷன் ஆகியவை மேற்கொள்ளப்பட்டன.” மெம்பர் செக்கிங் என்பது பதிவையோ முடிவுகளையோ பங்கேற்பாளர்களிடமே திருப்பிக் காட்டிக் கருத்துக் கேட்பது. டிரையாங்குலேஷன் என்பது ஒரே விஷயத்தைப் பல மூலங்கள், பல முறைகள் வழியாகப் பார்த்து ஒப்பிடுவது. ஆனால் பங்கேற்பாளர்களிடம் எதைத் திருப்பிக் காட்டினார்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள், அதனால் முடிவுகளில் என்ன மாறியது என்ற விவரம் எதுவும் இருக்காது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1985இல் ஆய்வு முறையியலாளர்களான லிங்கனும் கூபாவும் மெம்பர் செக்கிங்கை நம்பகத்தன்மைக்கான மிக முக்கியமான உத்தி என்றார்கள். 2007இல் வந்த, பண்புசார் ஆய்வுகளை அறிக்கையிடுவதற்கான COREQ என்ற 32 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல், நேர்காணலின் எழுத்துப்படியைத் திருப்பிக் கொடுத்தீர்களா, முடிவுகளைப் பற்றிப் பங்கேற்பாளர்களிடம் கருத்துக் கேட்டீர்களா என இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. ஆய்விதழ்கள் இந்தப் பட்டியலைக் கேட்கின்றன, நாமும் ‘ஆம்’ என்று டிக் அடித்துவிட்டுப் போகிறோம்.

அந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் முதல் தவறு. எழுத்துப்படியை அனுப்பி “நீங்கள் சொன்னது சரியாக இருக்கிறதா?” என்று கேட்டால், பதிவு சரியா என்பது மட்டும்தான் தெரியும். உங்கள் பகுப்பாய்வு சரியா என்பது தெரியாது. ஒலிப்பதிவு கையில் இருக்கும்போது அந்தச் சோதனையால் கிடைக்கும் லாபமும் குறைவு. தாம் பேசியதை ‘அப்புறம் வந்து... அது என்னன்னா’ என்ற வடிவில் அச்சில் பார்க்கும்போது பலருக்குக் கூச்சமாகிவிடும். சிலர் வாக்கியங்களைத் திருத்தி மெருகேற்றி அனுப்புவார்கள். மேலதிகாரியைப் பற்றி மனம்விட்டுச் சொன்ன பத்தியைச் சிலர் நீக்கச் சொல்வார்கள். அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, நீக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் ஆய்வின் மிக வளமான பகுதி அதோடு போய்விடும். எனவே எழுத்துப்படியைத் திருப்பிக் கொடுப்பதை ஆய்வு அறம் சார்ந்த ஒரு மரியாதையாகச் செய்யுங்கள், பகுப்பாய்வுக்குச் சான்றாகக் காட்டாதீர்கள்.

பகுப்பாய்வையே காட்டினால்? அங்கே சமூகவியலாளர் மைக்கேல் ப்ளூரின் அனுபவம் உதவும். 1970களில் அவர் ஸ்காட்லாந்தின் காது மூக்கு தொண்டை மருத்துவர்களை ஆய்வுசெய்தார். டான்சில் அறுவைசிகிச்சை ஒரு பகுதியில் அதிகமாகவும் இன்னொரு பகுதியில் குறைவாகவும் நடப்பது ஏன் என்பது அவருடைய கேள்வி. புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து, ஒவ்வொரு மருத்துவரும் எந்த அறிகுறியை வைத்து முடிவெடுக்கிறார் என்று கவனித்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவெடுக்கும் முறையை விவரித்து ஓர் அறிக்கை அனுப்பினார், நேரில் பேசவும் செய்தார்.

பின்னாளில் ப்ளூர் எழுதியதன் சாரம் இது: பங்கேற்பாளரின் ஒப்புதலைப் பரீட்சை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஒப்புதல் ஒரு சூழலில் பிறக்கிறது. அறிக்கையைப் பாதி படித்திருக்கலாம், ஆய்வாளர் மேல் மரியாதை இருக்கலாம், இந்த விஷயத்தில் பெரிய அக்கறை இல்லாமலும் இருக்கலாம். “ஆமாம், சரியாகத்தான் இருக்கிறது” என்ற பதிலுக்குப் பின்னால் இவற்றில் எது இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் அந்த உரையாடலிலேயே புதிய தரவு கிடைக்கும், அது பகுப்பாய்வை விரிவாக்கும் என்பதையும் அவர் ஏற்றார். என் கருத்தும் இதுதான்: மெம்பர் செக்கிங் என்பது இன்னொரு சுற்றுத் தரவு சேகரிப்பு. அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றக் கூடாது. 2017இல் டேவிட் தாமஸ் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், மெம்பர் செக்கிங் முடிவுகளை மேம்படுத்துகிறது என்பதற்குச் சான்று குறைவு என்றுதான் கண்டார்.

மௌனத்தைச் சம்மதமாக எண்ணுவதும் இதே தவறின் இன்னொரு முகம். பத்துப் பேருக்கு அனுப்பி மூன்று பேர் பதில் சொன்னால், மூன்று பேர் பதில் சொன்னார்கள் என்றுதான் எழுத வேண்டும். “யாரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை” என்பது நேர்மையான வாக்கியம் அல்ல.

சரி, டிரையாங்குலேஷனுக்கு வருவோம். சமூகவியலாளர் நார்மன் டென்சின் 1970இல் இதை நான்காகப் பிரித்தார்: பல தரவுகள், பல ஆய்வாளர்கள், பல கோட்பாடுகள், பல முறைகள். நடைமுறையில் பலரும் செய்வது நேர்காணல், கவனிப்பு, ஆவணம் என்ற மூன்றைச் சேர்ப்பது. மூன்றும் ஒன்றையே சொன்னால் அது உண்மை, ஒன்று மாறுபட்டால் அது பிழை என்று வாக்கெடுப்புப் போல நடத்துவதில்தான் கோளாறு.

ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைச் செவிலியர்கள் எப்படிப் பதிவுசெய்கிறார்கள் என்பது தலைப்பு. நேர்காணலில் எல்லோரும் “தவறு நடந்தால் உடனே எழுதிவிடுவோம்” என்கிறார்கள். வார்டில் உட்கார்ந்து பார்த்தால், ஒரு மருந்து அரை மணி நேரம் தாமதமாகிறது. இரண்டு செவிலியர்கள் பேசி முடித்துக்கொள்கிறார்கள், யாரும் எழுதவில்லை. பதிவேட்டிலும் அப்படிப்பட்ட தாமதம் ஒன்றுகூட இல்லை. வாக்கெடுப்பு நடத்தினால் இரண்டுக்கு ஒன்று, செவிலியர்கள் உண்மையை மறைக்கிறார்கள் என்று முடிவாகிவிடும்.

அவசரப்படாமல் அந்தத் தாமதத்தையே எடுத்துவைத்து மறுபடி கேளுங்கள். “அதெல்லாம் தவறா? தவறான மருந்து, தவறான அளவு, அதுதான் தவறு” என்று பதில் வரலாம். அப்படி வந்தால் மூன்று மூலங்களுக்கும் முரண்பாடே இல்லை. செவிலியர்கள் எதைத் ‘தவறு’ என்று எண்ணுகிறார்கள், மருத்துவமனையின் விதிமுறை எதை எண்ணுகிறது என்ற இடைவெளிதான் கண்டுபிடிப்பு. மூன்றும் ஒத்துப்போயிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

ஒத்துப்போவதையும் சந்தேகிக்க வேண்டும். பதிவேட்டை எழுதுபவரும் நேர்காணலில் பேசுபவரும் ஒரே செவிலியர் என்றால், இரண்டு மூலங்கள் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஒருவருடைய குரலே இருமுறை கேட்கிறது. அதே போல, ஒரே கைடிடம் ஒரே குறியீட்டுப் பட்டியலோடு பயிற்சி பெற்ற இருவர் நேர்காணல் பகுதிகளுக்கு ஒரேமாதிரி குறியிட்டால் அதில் பயிற்சியின் பலம்தான் தெரியும்.

இதே வார்டில் மெம்பர் செக்கிங் செய்வதானால் இன்னொரு ஆபத்தும் உண்டு. முடிவுகளின் சுருக்கத்தில் மேற்கோள்களைச் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பினால், பெயரை மாற்றியிருந்தாலும், யார் பேசியது என்று உடன் வேலை செய்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தலைமைச் செவிலியர் கைக்குப் போனால் கேட்கவே வேண்டாம். மேற்கோள் இல்லாத இரண்டு பக்கச் சுருக்கத்தை எளிய மொழியில் எழுதி, தனித்தனியாகச் சந்தித்து, “இதில் உங்கள் அனுபவத்துக்குப் பொருந்தாதது எது? எது விடுபட்டிருக்கிறது?” என்று கேட்பது நல்லது. ‘சரியா?’ என்று கேட்டால் ‘சரி’ என்றுதான் பதில் வரும்.

செய்யாமல் விடுவதும் சில ஆய்வுகளில் நியாயமே. அதிகாரத்தில் இருப்பவர்களை விமர்சனமாக ஆராயும்போது அவர்கள் மறுப்பதை வைத்து ஆய்வு தவறு என்று சொல்லிவிட முடியாது. பொருள் என்பது ஆய்வாளரும் சேர்ந்து உருவாக்குவது என்ற நிலைப்பாட்டில் நிற்கும் ஒருவர், கடைசியில் மட்டும் ஒரே சரியான வாசிப்பைத் தேடுவதும் பொருந்தாது. “ஏன் மெம்பர் செக்கிங் செய்யவில்லை?” என்று வைவாவில் கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லலாம்.

செய்திருந்தால் இப்படி எழுதலாம்: “12 பேருக்குச் சுருக்கம் தரப்பட்டது, 5 பேர் பேச ஒப்புக்கொண்டனர். ‘பயம்’ என்ற கருப்பொருளை மூவர் ஏற்கவில்லை. பயத்தைவிட நேரமின்மையே காரணம் என்றனர். பதிவுகளை மறுபடி வாசித்தபோது இரவுப் பணி நேர்காணல்களில் மட்டும் பயம் தென்பட்டது. எனவே அந்தக் கருப்பொருள் இரவுப் பணிக்கு மட்டும் சுருக்கப்பட்டது.”