அப்பாவின் மரணத்தை மூன்று வரியாகச் சுருக்கிய கதை

முதுகலை விண்ணப்பக் கட்டுரையின் முதல் வரைவில் எட்டு பத்தி, அதில் ஐந்து அப்பா இறந்ததைப் பற்றியே. "உலகமே இருண்டது" வகையறா வரிகள் வேறு. அதைப் படித்த அக்கா, "அப்பாவைத் தெரியுது, உன்னைத் தெரியலையேடா" என்றாள்.

சரி என்று உவமைகளை எல்லாம் வெட்டினேன். மிஞ்சியது இதுதான்: "மூன்றாம் பருவத்தில் அப்பா மாரடைப்பால் இறந்தார். அந்தப் பருவத்தில் இரண்டு தாள்களில் தோற்றேன். அடுத்த பருவத்தில் இரண்டிலும் தேறினேன்." மதிப்பெண் பட்டியலில் தெரியும் சரிவுக்கு அந்த விளக்கம் போதும்.

ஒரு காட்சியை மட்டும் விட மனசு வரவில்லை. அவருடைய மாத்திரை டப்பாவில் திங்கள், செவ்வாய் அறைகள் நிரம்பியே இருந்தன, மறந்திருக்கிறார். அதை ஒரே வாக்கியமாக்கி, பின்னாளில் நான் செய்த மருந்து நினைவூட்டும் கருவிக்கு முன்னால் வைத்தேன். அதற்கப்புறம் வந்த நான்கு பத்தியும் அந்தக் கருவி, அதன் சென்சார் செய்த தவறுகள், அவற்றை நான் சரிசெய்த விதம்.