மேலைநாட்டு ஜாதகத்தில் பரிவர்த்தனை பார்ப்பது எப்படி? (நிலா–சனி உதாரணத்துடன்)

நம்மூர்ப் பரிவர்த்தனை தெரிந்தவர்களுக்கு இதில் பாதி வேலை முடிந்தது. செவ்வாய்ப்பேட்டைக்காரர் ஏற்காட்டு நண்பர் வீட்டில் தங்க, அந்த நண்பர் செவ்வாய்ப்பேட்டை வீட்டில் தங்குகிற மாதிரி, இரண்டு கிரகங்கள் ஒன்றின் ராசியில் மற்றொன்று நிற்பது. இப்படி நின்றால் அவற்றுக்குள் உள்ள பகை தணியும் என்பார்கள். எது தணியும், எது தணியாது என்பதை ஒரு ஜாதகம் போட்டே பார்க்கலாம்.

2004 ஜூலை 2, மாலை 4.40, சேலத்தில் பிறந்த குழந்தை என்று வைத்துக்கொள்வோம். நான் astro.com தளத்தில்தான் போடுவேன். இலவசம், படமும் தெளிவு. ஊர் பெயரில் கவனம்! Salem என்று அடித்தால் அமெரிக்க சேலங்களும் வரிசையில் வரும். ஆரிகன் மாநிலத்து சேலத்தைத் தொட்டுவிட்டால் நேரம் பன்னிரண்டரை மணி தள்ளிப்போகும். அதனால் வரும் வினை கீழே.

இப்போது படத்தில் இரண்டைத் தேடுங்கள். நிலா மகரத்தில் சுமார் 11 டிகிரி, சனி கடகத்தில் 16. மகரம் சனியின் வீடு, கடகம் நிலாவின் வீடு. பரிவர்த்தனை உண்டு.

அடுத்த படிதான் முக்கியம்: இரண்டுக்கும் பார்வை இருக்கிறதா? இடைக்கால ஜோதிடர்கள் பார்வை இல்லாத பரிவர்த்தனையை முழுதாக ஏற்கவில்லை. இன்று பலர் ராசி மாறினாலே போதும் என்கிறார்கள். நான் பழைய கட்சி. இங்கே நேரெதிர்ப் பார்வை இருக்கிறது. வேகமாகப் போகும் நிலா இன்னும் 5 டிகிரி நகர்ந்தால் அது சரியாகப் பொருந்தும். ஆரிகன் கணக்கில் நிலா 18 டிகிரியைத் தாண்டியிருக்கும். வரவேண்டிய பார்வை முடிந்துபோனதாகக் காட்டும், பலனே மாறும். சேலத்திலேயே மறுநாள் நள்ளிரவுக்கு நிலா கும்பத்துக்குப் போய்விடும். அதுவும் சனி வீடுதான், பரிவர்த்தனை தொடரும். ஆனால் கடகத்துக்கும் கும்பத்துக்கும் பழைய கணக்கில் பார்வை கிடையாது.

சரி, என்ன தணிகிறது? நிலா–சனி எதிர்ப்பு என்றால் மனம் இறுகும், அம்மாவிடம் கேட்க நினைத்தது தொண்டையிலேயே நிற்கும் என்று சொல்வார்கள். பரிவர்த்தனையில் சனி நிலாவைத் தன் விருந்தாளியாக ஏற்பதால் அந்த இறுக்கம் தண்டனையாக இல்லாமல் பொறுப்பாக மாறும், கேட்டது தாமதமாகவாவது கிடைக்கும் என்பது பலன். எதிர்ப்பு போய்விடாது. தவிர, இரண்டுமே தம் சொந்த வீட்டுக்கு நேரெதிர் வீட்டில் பலவீனமாக நிற்பவை. கையில் காசில்லாதவர் எவ்வளவுதான் உபசரிப்பார்?

பின்சேர்க்கை: "என் ஜாதகத்தில் அன்று நிலா தனுசு, பூராடம், சனி மிதுனம். பரிவர்த்தனையே இல்லையே?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஜாதகமும் சரிதான். நம் முறை அயனாம்சம் கழிக்கும், அன்றைக்கு அது சுமார் 24 டிகிரி. மேலைநாட்டு முறை கழிக்காது. ஒன்றில் கண்ட பரிவர்த்தனைக்கு மற்றதில் பலன் சொல்லாதீர்கள்.