வாட்டர்ஃபாலா, அஜைலா? லாரி ஆபீஸ் மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் சரக்கு ஏற்றி, வாளையார் தாண்டிக் கேரளத்துக்கு அனுப்பும் புக்கிங் ஆபீசுக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்-ஆவணமான இ-வே பில்லின் விதிகள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் புக்கிங் கிளார்க் எந்தத் திரையில் எதை முதலில் தட்டுவார், டிரைவருக்கு போனில் என்ன தெரிய வேண்டும் என்பதெல்லாம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி ஒப்புதல் வாங்கிக் கட்டும் வாட்டர்ஃபாலா, ஸ்பிரிண்ட் என்னும் சிறு சுற்றுகளாகக் கட்டிக் காட்டித் திருத்தும் அஜைலா என்று தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் தவறுகள் இவை.

சட்டம் உறுதி, அதனால் எல்லாமே வாட்டர்ஃபால்

சட்டம் உறுதி என்றாலும் திரைகள் ஓட்டிப் பார்த்தால் மாறும்; அவற்றைக் காகிதத்தில் காட்டி வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

சட்டத்தைக் கடைசி ஸ்பிரிண்டுக்குத் தள்ளுவது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். "முதலில் புக்கிங், லோடிங் திரைகளை முடிப்போம், இ-வே பில்லைக் கடைசியில் ஒட்டவைப்போம்" என்று திட்டம் போடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு டெமோ அழகாகவே நடக்கும். லாரி ரசீதான எல்.ஆர். அட்டவணையில் லாரி எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

கோவையிலிருந்து கொல்லம் போகும் சரக்கு கொச்சியில் வேறு லாரிக்கு மாறுகிறது. மாற்றும்போது இ-வே பில்லின் வண்டி விவரப் பகுதியான பார்ட் பி-யில் புது வண்டி எண்ணைப் பதிய வேண்டும். பில்லின் கெடு 200 கி.மீ.க்கு ஒரு நாள். கொல்லத்துக்கு இரண்டு நாள். அது பார்ட் பி முதன்முதலாகப் பதிந்த நேரத்திலிருந்து ஓடுகிறது, வண்டி மாறினால் நீளாது. திங்கள் மாலை பதிந்தால் புதன் நள்ளிரவோடு பில் காலாவதி. செவ்வாயன்று கொச்சியில் புது எண் பழைய எண்ணின் மேலேயே எழுதப்படுவதால் முதல் நேரம் அழிகிறது. மென்பொருள் வியாழன் வரை கெடு காட்டுகிறது. அதை நம்பிய டிரைவர் புதன் இரவு வழியில் தூங்கிவிடுகிறார். வியாழன் காலை அதிகாரிகள் மடக்கினால், சரக்கின் உரிமையாளர் முன்வந்து கட்டினாலும் வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம்.

அப்போது திருத்துவது லேசல்ல. அட்டவணையைப் பிரிக்க வேண்டும், பழைய பதிவுகளை மாற்ற வேண்டும், எல்லா ரிப்போர்ட்டையும் மறுபடி எழுத வேண்டும்.

முதல் வாரத்திலேயே விதிகளை வரி வரியாக எடுத்து, ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: பின்னால் மாற்றினால் சேமித்த தரவைத் தொட வேண்டுமா? ஆம் என்றால் அதை வாட்டர்ஃபால் முறையில் எழுதி, கணக்காளரிடம் ஒப்புதல் வாங்கி உறைய வைத்துவிடுங்கள். இந்த ஆபீசில் அது, சரக்குக்கு ஓர் அட்டவணை, அதன் ஒவ்வொரு வண்டிப் பயணத்துக்கும் நேரத்தோடு தனி வரி. ஒவ்வொரு விதிக்கும் ஒரு தானியங்கிச் சோதனை எழுதி, எல்லா ஸ்பிரிண்டிலும் ஓட்டுங்கள். மேலே சொன்ன திங்கள்–புதன் கணக்கே நல்ல முதல் சோதனை. திரை, பட்டன், டிரைவருக்குப் போகும் செய்தி எல்லாம் அஜைலில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறட்டும்.

தணிக்கைக்காக வாட்டர்ஃபால்

தேதியிட்ட சோதனை முடிவுகளை ஸ்பிரிண்டுதோறும் கோப்பில் வையுங்கள். தணிக்கையாளர் கேட்பது ஆதாரத்தை, வாட்டர்ஃபாலை அல்ல.

விதியின் எண்ணை நிரலுக்குள் எழுதுவது

அந்த 200 கி.மீ., 2021 ஜனவரி 1க்கு முன் 100 ஆக இருந்தது. எண்ணை அமலுக்கு வரும் தேதியோடு தனி அட்டவணையில் வையுங்கள். 2020 டிசம்பரில் போன பில்லை இன்று திறந்தாலும் பழைய கணக்கே வர வேண்டும்.