நாய்க்கடி: ஊசி போட்டாயிற்று என்று திரும்பிவிடும் முன்

நாய் கடித்தவர்களிடம் "ஊசி போட்டீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஆம் என்றே சொல்வார்கள். எந்த ஊசி என்று கேட்டால்தான் தடுமாற்றம் தெரியும். சிலர் டி.டி. ஊசி மட்டும் போட்டிருப்பார்கள். அது டெட்டனஸுக்கானது, வெறிநோய்க் கிருமியை அது ஒன்றும் செய்யாது. வேறு சிலர் வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போட்டிருப்பார்கள். ஆனால் கடிவாயில் போட வேண்டிய சீரம் விடுபட்டிருக்கும். எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இரண்டாவது தவறுதான், ஏனென்றால் எல்லாம் முடிந்தது என்ற நிம்மதியோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

சீரம் யாருக்குத் தேவை என்பதைக் காயத்தின் வகை சொல்லும். நாயைத் தொட்டது, உணவு கொடுத்தது, காயமில்லாத தோலை அது நக்கியது ஆகியவை முதல் வகை. இதற்குச் சிகிச்சை வேண்டாம். ரத்தம் வராத சிறு பிராண்டலும், தோலை லேசாகக் கவ்வியதும் இரண்டாம் வகை. காயத்தைக் கழுவித் தடுப்பூசி போட வேண்டும். பல்லோ நகமோ தோலைத் துளைத்து ரத்தம் வந்தால் மூன்றாம் வகை; கழுவுதல், தடுப்பூசி, சீரம் மூன்றும் வேண்டும். இங்கே காயத்தின் அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. குட்டிநாயின் பல் பட்டு ஒரு துளி ரத்தம் வந்தாலும் மூன்றாம் வகைதான். முழங்காலில் ஏற்கெனவே இருந்த புண்ணை நாய் நக்கினாலும், எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டாலும் அதே வகைதான்.

தடுப்பூசி மட்டும் ஏன் போதாது? அதைப் போட்ட பிறகு உடல் தானாக எதிர்ப்புப் பொருளை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கிருமி கடிவாயிலிருந்து நரம்புக்குள் புகுந்துவிட்டால் மூளையை நோக்கி நகரத் தொடங்கிவிடும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளேயே செலுத்துகிறார்கள். சீரம் என்று சொல்வது இதைத்தான்.

நான்கு வயதுக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 15 கிலோ. மார்ச் 5 அன்று தெருநாய் கன்னத்தில் ஓரிடத்திலும் முன்கையில் ஈரிடத்திலும் கடித்துவிட்டது. வீட்டிலேயே குழாயைத் திறந்து, சோப்பு போட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். அவசரத்தில் பலரும் ஒரு நிமிடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. புண்ணை எரிச்சலூட்டினால் கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். அப்பியதை அகற்றவும் நேரம் வீணாகும்.

மருத்துவமனையில் குதிரைச் சீரம் இருந்தால், கிலோவுக்கு 40 அலகு வீதம் இந்தக் குழந்தைக்கு 600 அலகு வரும். மில்லிக்கு 300 அலகு உள்ள மருந்தானால் 2 மில்லி. மனிதச் சீரம் என்றால் கிலோவுக்கு 20 அலகு போதும். இந்த 2 மில்லியை மூன்று காயங்களுக்கும் பங்கிட்டு, ஒவ்வொன்றின் உள்ளேயும் சுற்றிலும் ஏற்ற வேண்டும். போதாவிட்டால் சலைன் கலந்து பெருக்கிக்கொள்ளலாம். ஒரு காயத்தையும் விட்டுவிடக் கூடாது. முழுவதையும் இடுப்பில் போட்டுவிட்டுக் கடிவாயைத் தொடாமல் அனுப்பினால் சீரம் போட்டதன் பயன் பெரும்பாலும் போய்விடும். கன்னக் காயத்துக்குத் தையல் போடும்படி பெற்றோர் வற்புறுத்தலாம். கூடுமானவரை தவிர்ப்பதே நல்லது. தவிர்க்க முடியாதென்றால் சீரம் ஏற்றிச் சில மணி நேரம் கழித்துத் தளர்வாகப் போடலாம்.

அன்று சீரம் கிடைக்கவில்லையா? தடுப்பூசியைத் தொடங்கிவிட்டு, கிடைக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஊசியிலிருந்து ஏழு நாள் வரை சீரம் போடலாம். அதற்குப் பிறகு தடுப்பூசியால் உடலே எதிர்ப்புப் பொருளை உருவாக்கத் தொடங்கியிருக்கும்.

தடுப்பூசி தோலுக்குள் போடப்படுவதானால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில் 0.1 மில்லி. முதல் ஊசி போட்ட நாளே பூஜ்யம். ஆகவே இந்தக் குழந்தைக்கு மார்ச் 5, 8, 12, ஏப்ரல் 2. தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28 என ஐந்து ஊசிகள், கையின் மேற்பகுதியில். சிறு குழந்தைகளுக்குத் தொடையில். பிட்டத்தில் ஒருபோதும் போடக் கூடாது. அங்குள்ள கொழுப்பில் ஊசி சரியாக வேலை செய்யாது. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகளை நினைத்து அஞ்ச வேண்டாம். அந்த மருந்து இந்தியாவில் 2004-ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது.

"பத்து நாள் நாயைப் பார்ப்போம், செத்தால் ஊசி போடலாம்" என்று காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் பத்து நாள் கண்காணிப்பு உண்டு என்பது உண்மைதான், ஆனால் அது சிகிச்சையோடு சேர்ந்தே நடக்க வேண்டும். பத்து நாளுக்குப் பிறகும் விலங்கு நலமாக இருந்தால், மீதி ஊசியை நிறுத்தலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

முன்பே முழுத் தவணையும் போட்டவர் மீண்டும் கடிபட்டால், கழுவியபின் 0, 3 ஆகிய இரு நாள் ஊசிகள் போதும்; சீரம் வேண்டாம். அதற்குச் சான்று அந்த ஊசி அட்டைதான், பத்திரமாக வையுங்கள். ஒரு தேதி தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மறுநாளே போய் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.