திரையில் தெரிகிற கலோரியைச் சாப்பிட்டுக் கழிக்காதீர்கள்

போன வாரம் எங்கள் ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ட்ரெட்மில்லில் இருந்து இறங்கியதும் முதல் வேலையாகத் திரையைப் போனில் படம் எடுத்தான். அடுத்த வேலையாக எதிர்க்கடைக்குப் போய் இரண்டு பழம்பொரி வாங்கினான். "அண்ணே, 350 எரிச்சிருக்கேன். இது ரெண்டும் சேந்தா அவ்வளவு வராதுல்லா?" என்று என்னிடமே கேட்டான். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஜிம்மில் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். என் விஷயத்தில் பழம்பொரி இல்லை, பார்டர் புரோட்டா.

செங்கோட்டையில் பயிற்சியாளராக இருக்கிறேன். புளியரையில் இருந்தும் மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தமிழ் பேசினாலும் மலையாளம் பேசினாலும் கலோரி விஷயத்தில் எல்லோரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். தண்ணீர் குடிக்காதது, செருப்போடு ஏறுவது போன்றவற்றை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வாட்ச்சை லூசாகக் கட்டுவது

மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாமல் கட்டுங்கள்.

வாட்ச் கலோரியை அளக்கிறது என்று நினைப்பது

அளக்கவில்லை, ஊகிக்கிறது. அடியில் இருக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ரத்த ஓட்டம் ஏறி இறங்குவதைப் பார்த்து இதயத் துடிப்பைக் கண்டுபிடிக்கிறது. அதில் பெரும்பாலான வாட்ச்கள் கெட்டிதான். அதன்பின் அந்தத் துடிப்போடு உங்கள் வயது, எடை, ஆணா பெண்ணா என்பதையும் கை அசைவையும் சேர்த்து, "இப்படிப்பட்ட ஆளுக்கு இவ்வளவு செலவாகியிருக்கும்" என்று ஒரு சூத்திரம் கணக்குப் போடுகிறது. எரிந்த கலோரியை நிஜமாக அளக்க வேண்டுமென்றால் முகத்தில் மாஸ்க் மாட்டி, எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2017-ல் இப்படித்தான் 60 பேரை வைத்து ஏழு வாட்ச்களைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு வாட்ச்கள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதில் நல்ல வாட்ச்சே சராசரியாக 27 சதவீதம் தவறு, மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு வாட்ச்கள் மாறியிருக்கின்றன. ஆனால் துடிப்பை வைத்துக் கலோரியை ஊகிப்பது என்கிற அடிப்படை மாறவில்லை.

துடிப்பு ஏறுவதற்கு உழைப்பு மட்டும் காரணம் இல்லை என்பதுதான் சிக்கல். எங்கள் ஜிம்முக்கு மேலே தகரக் கூரை. சாரல் காலத்தில் 125 துடிப்பில் முடிகிற அதே நடை, ஏப்ரல் மாதம் 140-ஐத் தொடும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடுகிறது, அவ்வளவுதான். நடந்த தூரம் ஒன்று, வேகம் ஒன்று. வாட்ச் மட்டும் ஏப்ரலில் கூடுதல் கலோரி காட்டும். தூக்கம் கெட்டாலும், கடுங்காப்பி குடித்துவிட்டு ஏறினாலும் இப்படி ஆவதுண்டு.

எடை தூக்கும்போது இது இன்னும் மோசம். மூச்சை அடக்கிக்கொண்டு பாரத்தைத் தூக்கும்போது துடிப்பு எகிறும், ஆனால் அந்த அளவுக்கு ஆக்சிஜன் செலவாகாது. ஒரு செட் முடித்து இரண்டு நிமிடம் உட்கார்ந்து கதை பேசும்போதும் துடிப்பு உடனே இறங்காது. இது எல்லாவற்றையும் ஓட்டமாக நினைத்து வாட்ச் எண்ணிக்கொண்டே போகும். ஒரு மணி நேரம் எடை தூக்கியதற்கு என் பழைய வாட்ச் 600 காட்டியதை நம்பித்தான் நான் இரவு நான்கு புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டேன். மூன்று மாதத்தில் சட்டை பட்டன் திணறியது. மார்பு விரிகிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்!

எடையைப் பதியாமல் மெஷினில் ஏறுவது

நீங்கள் பதியாவிட்டால் மெஷின் தானாக ஒரு எடையை வைத்துக்கொள்ளும். அநேகமாக அது உங்களைவிட கனமான ஒரு ஆளாக இருக்கும்.

எரித்ததைத் திரும்பச் சாப்பிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். மெஷினின் தவறு, வாட்ச்சின் தவறு, ஆப்பின் தவறு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்காருகிற இடம் இது.

புளியரையில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா வந்தார். வயது 38, எடை 60 கிலோ, உயரம் 155 செ.மீ. வாரத்துக்கு ஆறு நாள் தவறாமல் வந்து, ட்ரெட்மில்லில் மணிக்கு 5 கி.மீ. வேகம், 10 சதவீத ஏற்றம், 40 நிமிடம் நடந்தார். சாப்பாட்டையும் ஒழுங்காக ஆப்பில் எழுதினார். நான்கு வாரம் கழித்து எடை பார்த்தால் அறுநூறு கிராம் கூடியிருக்கிறது. "தம்பி, எனக்கு தைராய்டு இருக்குமோ?" என்றார். இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதில் தப்பில்லை, ஆனால் முதலில் போனைக் காட்டுங்கள் என்றேன்.

மெஷின் தினமும் 402 காட்டியது. அதில் எடை 75 கிலோ என்று கிடந்தது. நடைக்கான வழக்கமான சூத்திரத்தில் 60 கிலோ என்று போட்டால் அதே நடைக்கு 322-தான் வருகிறது. அந்த 322-லும் அந்த 40 நிமிடம் அவர் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் 42 சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்தால் நடையால் கூடுதலாகச் செலவானது 280. வாட்ச்சில் 'மொத்தம்', 'ஆக்டிவ்' என்று இரண்டு எண் வருவது இதனால்தான். நம் ஆட்கள் பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த 280-உம் நிஜம் இல்லை. ஏனென்றால் அக்கா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து நடந்தார். ஏற்றத்தில் ஏறும்போது உடம்பு நேராக நிற்க வேண்டும், எடையைக் கால்தான் மேலே தூக்க வேண்டும். கம்பியில் தொங்கிக்கொண்டு சாய்ந்துவிட்டால் சுமையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்கிறது, பெல்ட்டுக்கும் உடம்புக்கும் உள்ள கோணம் சமதரையில் நடப்பது போலவே ஆகிவிடுகிறது. மெஷினுக்கு இது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வேகமும் ஏற்றமும்தான். ஏற்றமே இல்லாமல் அதே நடை நடந்திருந்தால் கூடுதல் செலவு வெறும் 100. ஆக, அக்காவின் உண்மைக் கணக்கு 100-க்கும் 280-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பேச்சுக்கு 200 என்று வைத்துக்கொள்வோம். திரை சொன்னதில் பாதி.

சரி, இதோடு முடிந்ததா? இல்லை. ஆப்பைத் தொடங்கும்போது "நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பு?" என்று ஒரு கேள்வி வரும். அக்கா 'மிதமான சுறுசுறுப்பு' என்று போட்டிருந்தார். தினமும் ஜிம்முக்குப் போகிறவர் வேறென்ன போடுவார்? அந்தப் பதிலுக்கு ஆப் ஒரு நாள் செலவை 1,888 என்று கணக்கிட்டது. நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்து தைக்கிறவருக்கு உடற்பயிற்சி இல்லாமல் வருவது சுமார் 1,460. அதாவது இடையில் இருக்கும் நானூற்றுச் சொச்சம், ஜிம்மில் நடக்கப்போவதை ஆப் முன்கூட்டியே சேர்த்துக்கொண்டது. எடை குறைய அதில் 400-ஐக் கழித்து, "1,488 சாப்பிடலாம்" என்றது. அப்புறம் அக்கா மெஷினில் பார்த்த 402-ஐ உடற்பயிற்சி என்று பதிவு செய்தார். ஆப் அதையும் சேர்த்து 1,890 வரை சாப்பிட அனுமதி கொடுத்தது. ஒரே நடையை இரண்டு தடவை வரவு வைத்தாயிற்று.

நிஜச் செலவு 1,460-உம் 200-உம் சேர்த்து 1,660. சாப்பிட்டது 1,890. தினமும் 400 குறைத்துச் சாப்பிடுகிறோம் என்று நம்பிக்கொண்டு 230 கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறார். ஜிம்முக்கு வந்த 24 நாளில் அது 5,500-ஐத் தாண்டுகிறது. ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7,700 கலோரி என்று பார்த்தால் எழுநூறு கிராம் கூட வேண்டும். கூடியது அறுநூறு. தைராய்டு பாவம், அதைச் சந்தேகப்பட்டோம்.

அக்காவிடம் சோம்பேறித்தனமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. ஒழுங்காக எழுதி வைத்ததால்தான் ஏமாந்தார். எழுதாமல் இருந்திருந்தால் பசிக்குச் சாப்பிட்டு அப்படியே இருந்திருப்பார். இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வரும்.

இரண்டு வாட்ச்சை ஒப்பிடுவது

வேண்டாம்.

எண்ணைத் திருத்தாமல் எண்ணோடு சண்டை போடுவது

அக்காவுக்கு மூன்று மாற்றம்தான் செய்தோம். ஆப்பில் 'உட்கார்ந்த வேலை' என்று மாற்றி, உடற்பயிற்சியைப் பதிவதையே நிறுத்தினோம். மெஷினில் 60 கிலோ போட்டோம். கம்பியில் இருந்து கையை எடுக்கச் சொன்னேன். கையை எடுத்ததும் 10 சதவீத ஏற்றத்தில் ஐந்து நிமிடம்கூட முடியவில்லை. 4 சதவீதத்துக்கு இறக்கினோம். அன்றைக்குத் திரையில் வந்தது 214. "என் உழைப்பப் பாதியாக்கிட்டியே தம்பி" என்று முகம் சுண்டிப்போனார். வியர்வை அன்றைக்குத்தான் அதிகம்.

சாப்பாட்டு அளவை 1,350-ல் நிறுத்தினோம். ஆப் அந்தப் பழைய 400-ஐ இங்கேயும் கழித்து ஆயிரத்துச் சொச்சம் என்று காட்டியது, அதைக் கேட்கவில்லை. அப்படிச் சாப்பிட்டால் இரண்டே வாரத்தில் விட்டுவிடுவார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதி, வாரக் கடைசியில் ஏழு நாள் சராசரி போடச் சொன்னேன். ஒரு நாள் எடை உப்புக்கும் தண்ணீருக்கும் ஆடும், பெண்களுக்கு மாதவிடாய் நாட்களிலும் ஆடும். அதனால் மூன்று நான்கு வாரச் சராசரியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சராசரி இறங்காவிட்டால் சாப்பாட்டில் நூறு குறைக்கலாம். ரொம்ப வேகமாக இறங்கினால் நூறு கூட்டலாம்.

வாட்ச்சைக் கழற்றச் சொல்லவில்லை. போன மாதம் 4 சதவீத ஏற்றத்தில் 138 துடித்தது இந்த மாதம் 126 துடிக்கிறது என்றால் அது நல்ல செய்தி. அதை வாட்ச் சரியாகவே சொல்லும். வேடிக்கை என்னவென்றால், துடிப்பு குறைவதால் அதே நடைக்கு அது கலோரியைக் குறைத்துக் காட்டும். அக்கா இதைப் பார்த்து மறுபடியும் கேட்க வந்தார். ஆறாவது வாரச் சராசரி 58.9 கிலோ என்று நோட்டில் எழுதியிருந்ததைக் காட்டினேன். இப்போது ட்ரெட்மில்லில் ஏறியதும் துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டுவிடுகிறார். வேகம் தெரிய வேண்டுமே என்றால், ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்க்கிறார்.