திரையில் 2.3, ஸ்டிக்கரில் 230, பங்க்கில் 33: டயர் காற்றழுத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் திரை 2.3 என்று காட்டுகிறது. கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் 230 என்று அச்சாகியிருக்கிறது. காற்றடிக்கும் இடத்தில் "33 வைக்கவா?" என்று கேட்கிறார்கள். இந்த மூன்றும் ஒரே அழுத்தம்தான். முதலாவது பார், அடுத்தது கிலோபாஸ்கல், கடைசி பிஎஸ்ஐ. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அலகைப் பார்க்காமல் விடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

கார் டயரில் அலகைக் கண்டுபிடிக்க எளிய வழி, எண்ணின் வடிவம். புள்ளி வைத்த எண் என்றால் பார். இரண்டு இலக்கம் என்றால் பிஎஸ்ஐ. மூன்று இலக்கம் என்றால் கிலோபாஸ்கல். லாரி, பேருந்து டயர்களுக்கு இது பொருந்தாது, அவற்றில் பிஎஸ்ஐ அளவே மூன்று இலக்கத்தைத் தொடும். திரையிலும் எண்ணுக்குப் பக்கத்திலோ மேலேயோ சிறிய எழுத்தில் bar, psi, kPa என்று இருக்கும், ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

மாற்றுவதும் கடினமில்லை. ஒரு பார் என்பது சரியாக 100 கிலோபாஸ்கல். ஆகவே 230-இல் புள்ளியை இரண்டு இடம் தள்ளினால் 2.3. பிஎஸ்ஐக்கு 14.5 ஆல் பெருக்க வேண்டும். மனக்கணக்காக 15 ஆல் பெருக்கி, அதிலிருந்து பார் எண்ணின் பாதியைக் கழித்தால் போதும்: 2.3 × 15 = 34.5, அதில் 1.15 போனால் 33.35. அதாவது 33 பிஎஸ்ஐ. சில கேஜ்களில் kgf/cm² என்று இருக்கும். அது பாருக்கு மிக நெருக்கமானது, 2.3 அளவில் வித்தியாசம் ஒரு பிஎஸ்ஐகூட வராது.

கணக்கு சரியாக இருந்தும் தவறு நடப்பது முள் கேஜில். அதில் இரண்டு வளையங்கள் இருக்கும், ஒன்று பிஎஸ்ஐ, மற்றது பார். பார் வளையத்தில் 2-க்கும் 3-க்கும் நடுவே எத்தனை இடைவெளி என்று எண்ணிப் பாருங்கள். பத்து இருந்தால் ஒவ்வொன்றும் 0.1. ஐந்துதான் இருந்தால் ஒவ்வொன்றும் 0.2. ஐந்து இடைவெளி உள்ள கேஜில் 2-க்கு அடுத்த மூன்றாவது கோட்டை 2.3 என்று நினைத்து அடித்தால், உள்ளே போவது 2.6 பார், கிட்டத்தட்ட 38 பிஎஸ்ஐ. வேண்டியதைவிட 4 பிஎஸ்ஐக்கு மேல் அதிகம். இத்தகைய கேஜில் பிஎஸ்ஐ வளையத்தைப் படிப்பதே பாதுகாப்பு.

இன்னொன்று, திரையில் பார் அலகு பெரும்பாலும் 0.1 படியாகத்தான் நகரும். ஒரு படி என்பது ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ. நான்கு டயரும் 2.3 காட்டினாலும் ஒன்று 32.7, மற்றொன்று 34 ஆக இருக்கலாம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் ஒரு டயரில் மெல்லக் காற்று இறங்குகிறது என்ற சந்தேகம் இருந்தால், அமைப்புகளில் அலகுகள் பகுதிக்குப் போய் psi-க்கு மாற்றிவிட்டுத் தினமும் காலையில் பாருங்கள். பார் எண் அசையாமல் நிற்கும்போதே பிஎஸ்ஐ எண் ஒன்று குறைந்து காட்டிக்கொடுக்கும்.

இனி ஸ்டிக்கர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில், அல்லது கதவின் விளிம்பில் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம். முதலில் டயர் அளவைப் பாருங்கள். ஒரே மாடல் இரண்டு மூன்று டயர் அளவுகளோடு விற்கப்படுவதால் ஸ்டிக்கரில் பல வரிசைகள் இருக்கும். உங்கள் டயரின் பக்கச்சுவரில் 185/65 R15 என்று இருந்தால் அதே எழுத்து உள்ள வரிசை மட்டுமே உங்களுக்கு. அடுத்தது சுமை. ஓரிரு ஆள் படம் உள்ள கட்டம் வழக்கமான ஓட்டத்துக்கு, ஆட்களும் பெட்டியும் நிறைந்த கட்டம் முழுச் சுமைக்கு. கடைசியாக முன் சக்கரமா பின் சக்கரமா என்பது. தற்காலிக ஸ்டெப்னிக்கு 4.2 பார், 60 பிஎஸ்ஐ என்று தனியே போட்டிருந்தால் அதை அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். ஒல்லியான அந்தச் சக்கரத்துக்கு அவ்வளவு வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் MAX PRESS என்று 300 kPa, 44 psi போல ஒரு எண் அச்சாகியிருக்கும். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச வரம்பு. அந்த டயர் எந்தக் காரில் மாட்டப்படும் என்று டயர் செய்தவருக்குத் தெரியாது. உங்கள் காரின் எடைக்கு எவ்வளவு என்று சொல்வது ஸ்டிக்கர் மட்டுமே. 33 வேண்டிய இடத்தில் 44 வைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் அழுந்தித் தேயும், ஈரச்சாலையில் பிடிப்பு குறையும்.

ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். இதை மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முன் டயருக்கு ஸ்டிக்கர் சொல்வது 2.3. காலையில் திரையும் 2.3 தான் காட்டுகிறது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டியபின் 2.6. "அதிகமாகிவிட்டது" என்று பங்க்கில் நிறுத்தி 2.3-க்கு இறக்குகிறீர்கள். மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் திரை 2.0 காட்டும், அதாவது 29 பிஎஸ்ஐ. எல்லாம் சரியாக இருந்த டயரில் நாமே நான்கு பிஎஸ்ஐ குறைத்துவிட்டோம். எச்சரிக்கை விளக்கும் எரியாது, பல கார்களில் அழுத்தம் 20 முதல் 25 சதவீதம் குறைந்த பிறகுதான் அது எரியும். இப்படியே ஓட்டினால் டயரின் இரு ஓரங்களும் தேயும், பக்கச்சுவர் அதிகம் மடங்கிச் சூடாகும். ஓடிச் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே இறக்காதீர்கள்.

பங்க் தொலைவில் இருந்தால், போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடுமே என்ற கேள்வி வரும். அதற்கு எண்ணை அல்ல, பற்றாக்குறையைக் கையில் எடுத்துப் போங்கள். கிளம்பும் முன் குளிர்ந்த நிலையில் கையில் உள்ள கேஜால் அளக்கிறீர்கள்: 30 பிஎஸ்ஐ. ஸ்டிக்கர் சொல்வது 33. பற்றாக்குறை 3. பங்க்கில் அதே டயர் 33 காட்டினால் அதற்கு மேல் 3 சேர்த்து 36 வையுங்கள். இரவு நின்று குளிர்ந்ததும் அது 33-க்கு வந்து நிற்கும்.

அடித்து முடித்தவுடன் திரை பழைய எண்ணையே காட்டினால் மேலும் அடிக்காதீர்கள். சக்கரத்தில் உள்ள சென்சார் வண்டி நிற்கும்போது பெரும்பாலும் தூங்கும். சிறிது தூரம் ஓட்டினால்தான் புதிய எண்ணை அனுப்பும். அதுவரை நம்ப வேண்டியது கையில் உள்ள கேஜை.