கெமெக்ஸ் குடுவையில் தண்ணீர் இறங்காதபோது

கீழக்கரை வீட்டில் முன்பெல்லாம், காபி வடிக்கும் கெமெக்ஸ் கண்ணாடிக் குடுவையில் 30 கிராம் பொடிக்கு அரை லிட்டர் வெந்நீர் ஊற்றினால் பத்து நிமிடமாகியும் வடியாது; காபி கசக்கும். அதன் வடிதாள் சாதாரணத் தாளைவிடத் தடிமன். டிகாக்‌ஷனுக்கு அரைத்த பொடியின் நுண்தூள் அதை எளிதில் அடைத்துவிடும். அதனால் வறுத்த கொட்டையாக வாங்கி, கொரகொரப்பாக அரைத்தேன். அப்புறம், கூம்பாக மடித்த தாளின் மூன்று அடுக்குள்ள பக்கத்தைக் குடுவையின் மூக்குப் பக்கம் வைத்தேன். ஒற்றை அடுக்கு அங்கே இருந்தால், நனைந்ததும் உள்ளே அமுங்கிக் காற்று வெளியேறும் வழியை மூடிவிடும். காற்று அடைபட்டால் நீர் இறங்காது. இப்போது ஐந்து நிமிடத்துக்குள் வடிகிறது. எண்ணெயையும் தூளையும் தாள் பிடித்துக்கொள்வதால் காபி லேசாக, தெளிவாக இருக்கிறது. நம் பித்தளை ஃபில்டர் இரண்டையும் விட்டுவிடும், அந்தத் திடம் அதனால்தான். இதில் மட்டும் பால் ஊற்றிவிடாதீர்கள், சுவையே தெரியாது.